முல்தானி மிட்டியா, ஷீட் மாஸ்க்கா, ராத்திரி மாஸ்க்கா? டெல்டா முகத்துக்கு எது, எத்தனை நாளுக்கு ஒரு முறை

ஐப்பசி பிறந்த முதல் வாரம். மயிலாடுதுறைத் தெருவெல்லாம் துலா ஸ்நானத்துக்கு வந்த கூட்டம். வங்கி வேலை முடிந்து அக்கா மகள் நேராக என் பார்லருக்கு வந்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். கைப்பையைத் திறந்து ஒரு முல்தானி மிட்டி பாக்கெட், நாலைந்து ஷீட் மாஸ்க், ஒரு டப்பா ஓவர்நைட் மாஸ்க் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்தாள்.

"சித்தி, இதுல எனக்கு எது சரி? மூணையும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மூஞ்சி இன்னும் மோசமாத்தான் ஆகுது."

டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார வைத்துப் பார்த்தேன். நெற்றியும் மூக்கும் எண்ணெய்யில் பளபளத்தன. மூக்கின் இரு பக்கமும் கன்னத்தில் அரிசி மாவைத் தூவியதுபோல் மெல்லிய செதில். முடி தொடங்கும் இடத்தில், நெற்றியில், எல்லாம் ஒரே அளவில் சின்னச் சின்னப் பொரி. தொட்டால் வலி இல்லை, ஆனால் அரிக்கிறது என்றாள். ஒரே முகத்தில் மூன்று தொல்லை. அதில் இரண்டை அந்த மாஸ்க்குகளே கொண்டுவந்திருந்தன.

பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். டெல்டாவில் என் நாற்காலியில் வந்து உட்காரும் பெண்களில் பெரும்பாலோர் இவளைப் போலத்தான். எண்ணெய் வழிகிறது என்பார்கள், அடுத்த வாக்கியத்திலேயே முகம் இழுக்கிறது என்பார்கள். அதனால் இவள் முகத்தை வைத்தே மூன்று மாஸ்க்கையும் ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. மென்மையான ஃபேஸ் வாஷால் முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, எதுவுமே பூசாமல் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். அப்புறம் மெல்லிய டிஷ்யூ பேப்பரை நெற்றி, மூக்கு, கன்னம், தாடை என்று தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். எண்ணெய் எங்கே படிகிறது, எங்கே படியவில்லை என்று தெரிந்துவிடும். கூடவே வாயை அகலத் திறந்து பாருங்கள். கன்னம் இறுகி இழுத்தால் அங்கே தோலில் தண்ணீர் குறைவு. எண்ணெய் வேறு, ஈரம் வேறு. எண்ணெய்ச் சுரப்பி நன்றாக வேலை செய்யும் முகத்திலும் மேல்தோல் தண்ணீரை இழந்து காய்ந்து கிடக்கலாம். அக்கா மகளுக்கு நெற்றி, மூக்கு, தாடையில் பேப்பர் நனைந்தது. கன்னத்தில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் அவள் அன்றாடத்திலேயே பதில் இருக்கிறது. வீடு பூம்புகார் பக்கம். போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. நுரை வர வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் தேய்ப்பாள். உப்பும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள தண்ணீரில் சோப்பு முழுதாகப் போகாமல் தோலில் ஒரு படிவாகத் தங்கிவிடும். அப்புறம் பஸ்ஸில் வியர்வை, பகல் முழுக்க வங்கியில் ஏசி. இத்தனைக்கும் மேலே ஒருநாள் விட்டு ஒருநாள் எலுமிச்சைச் சாறு கலந்த முல்தானி மிட்டி.

சரி, முதலில் களிமண் மாஸ்க். நம் பக்கம் அதிகம் பேர் போடுவதும் அதிகம் பேர் தவறாகப் போடுவதும் இதைத்தான்.

கடையில் க்ளே மாஸ்க் என்று டியூபில் வருவதில் பெரும்பாலும் கயோலின் அல்லது பென்டோனைட் இருக்கும். முல்தானி மிட்டியும் அதே வேலையைச் செய்யும் களிமண்தான். நுண்ணிய தகடுகளாக இருக்கும் இந்த மண், தோலின் மேல் நிற்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கயோலின் மெதுவாக உறிஞ்சும், வறண்ட தோலும் ஓரளவு தாங்கும். பென்டோனைட்டும் முல்தானியும் வேகமாக உறிஞ்சும். இதற்கு மேல் களிமண்ணால் ஆவது ஒன்றுமில்லை. சுரப்பியை அது மூடாது, துவாரத்தைச் சுருக்காது. கழுவிய சில மணி நேரத்தில் எண்ணெய் திரும்ப வரத்தான் செய்யும். திரும்ப வருகிறதே என்று மறுநாளும் பூசினால் எண்ணெய் குறையாது, மேல்தோல்தான் கிழியும்.

களிமண் மாஸ்க்கில் மூன்று கட்டம் உண்டு. வாய்க்கால் தூர்வாரி கரையில் போட்ட வண்டலைப் பார்த்திருப்பீர்கள். முதலில் கறுப்பாக, ஈரமாக மின்னும். அப்புறம் ஓரம் வெளுத்து, நடுவில் விரல் வைத்தால் ஒட்டும். கடைசியில் முழுதும் வெளுத்துப் பாளம் பாளமாக வெடிக்கும். முகத்தில் பூசியதும் அப்படியே. முதல் கட்டத்தில் எண்ணெயை எடுக்கும். இரண்டாம் கட்டம் தொடங்கும்போது, அதாவது மூக்கோரமும் நெற்றி ஓரமும் வெளுத்து, நடுவில் தொட்டால் விரலில் இன்னும் ஒட்டும்போது, கழுவிவிட வேண்டும். மூன்றாம் கட்டத்தில் தோலின் தண்ணீரையே அது இழுக்கும். வெடித்து இறுகும் அந்த உணர்ச்சியைத்தான் பலர் வேலை செய்கிறது என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் இந்தக் கட்டம் ஆறேழு நிமிடத்திலேயே வரும். மழை நாளில் பன்னிரண்டு நிமிடம் ஆகலாம். அதனால் கடிகாரத்தை நம்பாமல் ஓரத்தின் நிறத்தைப் பாருங்கள்.

அளவு என்றால் முழு முகத்துக்கு இரண்டு டீஸ்பூன் முல்தானி பொடி, தோசை மாவு பதம் வரும்வரை தண்ணீர். உப்புத் தண்ணீர் ஊரில் இருப்பவர்கள் கேன் தண்ணீரில் கலக்குங்கள், கடைசி அலசலுக்கும் இரண்டு டம்ளர் அதையே எடுத்து வையுங்கள். குழாயில் கொள்ளிடத் தண்ணீர் வரும் ஊர் என்றால் அது போதும். பன்னீர் வாசனைக்கு நன்றாக இருக்கும், ஆனால் பாட்டிலில் விற்கும் பன்னீர் பலவும் வாசனைத் திரவியம் கலந்த தண்ணீர். தோல் எரியும் பழக்கம் உள்ளவர்கள் அதைத் தொட வேண்டாம்.

எலுமிச்சையைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். எலுமிச்சைச் சாறு கடுமையான அமிலம். அதோடு, சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் போட்டு, மாதக்கணக்கில் போகாத கறுப்பு விழும். நிறம் கூட வேண்டும் என்று பூசிய எலுமிச்சையால் கன்னத்தில் கறுப்புப் பட்டை விழுந்து வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த மாஸ்க்கிலும் அது வேண்டாம்.

இன்னொன்றும் கேட்கிறார்கள்: "ஆத்து வண்டலே நம்ம ஊர்ல கிடைக்குதே, அதைப் பூசலாமா?" வேண்டாம். உரம், பூச்சிமருந்து, சாக்கடை எல்லாம் சேர்ந்து வரும் மண் அது. பரு உடைந்த முகத்தில் கிருமியை நாமே தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

எத்தனை முறை? முகம் முழுக்க எண்ணெய் என்றால் வாரத்துக்கு இரண்டு. நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் எண்ணெய் என்றால் வாரம் ஒரு முறை, அதுவும் அந்த இடங்களில் மட்டும். கன்னத்தை விட்டுவிடுங்கள். வறண்ட தோல் என்றால் களிமண்ணே தேவையில்லை. ஆசைப்பட்டால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கயோலின், ஐந்து நிமிடம். பருவுக்கு டாக்டர் எழுதிய அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு மாதிரி மருந்து பூசுகிறவர்கள் மருந்து பூசும் அன்று களிமண்ணைத் தவிர்க்க வேண்டும். மூக்கில் உள்ள கரும்புள்ளி களிமண்ணால் ஒருநாள் மங்கும். அது குறைய வேண்டுமானால் சாலிசிலிக் ஆசிட் உள்ள ஃபேஸ் வாஷைத் தொடர்ந்து பயன்படுத்துவதுதான் வழி.

அடுத்தது ஷீட் மாஸ்க். இது எண்ணெயை எடுக்காது, தண்ணீரைக் கொடுக்கும். பஞ்சு மாதிரித் துணியை ஏறக்குறைய இருபது மில்லி சீரத்தில் ஊற வைத்திருப்பார்கள். சீரத்தில் பெரும்பகுதி தண்ணீரும் கிளிசரினும்தான், கூட ஹயலுரோனிக் ஆசிட், நியாசினமைடு என்று ஏதாவது இருக்கும். துணி மூடியிருப்பதால் சீரம் ஆவியாகாமல் தோலோடு ஒட்டி நிற்கிறது. அதுதான் இதன் ரகசியம். சாதாரண சீரத்தைக் கையால் பூசினால் அதில் பாதி மின்விசிறிக் காற்றிலேயே போய்விடும்.

தவறு நடப்பது இங்கேயும் நேரத்தில்தான். பதினைந்திலிருந்து இருபது நிமிடம், அவ்வளவுதான். துணி காய ஆரம்பித்தால் ஈரம் வந்த வழியே திரும்பும். காய்ந்த துணி தோலிலிருந்து தண்ணீரை இழுக்கும். தாடை ஓரத்திலும் மூக்கின் பக்கத்திலும் துணி தானாகத் தூக்கிக்கொண்டால் நேரம் முடிந்தது என்று அர்த்தம், உள்ளே இன்னும் சீரம் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். அக்கா மகள் அதைப் போட்டுக்கொண்டே தூங்கிவிடுவாளாம். காலையில் தலையணையில் காகிதம் மாதிரி விறைத்துக் கிடக்குமாம். காசு கொடுத்துக் கன்னத்தைக் காய வைத்திருக்கிறாள்.

எடுத்ததும் மிச்சத்தை விரலால் தட்டி உள்ளே விடுங்கள், கழுவ வேண்டாம். அதற்கு மேல் ஜெல் மாதிரியான மாய்ஸ்சரைசர் ஒரு மெல்லிய பூச்சு கட்டாயம். இல்லாவிட்டால் கொடுத்த ஈரம் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடும், பூசினால் மறுநாள் வரை கொஞ்சம் நிற்கும். பாக்கெட்டில் மிஞ்சிய சீரத்தைக் கழுத்துக்கும் கைக்கும் அப்போதே தடவிவிடுங்கள். திறந்த பாக்கெட்டை இரண்டு நாள் வைத்திருந்து பூசக் கூடாது, ஒருவர் போட்டதை இன்னொருவர் போடவும் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் ஃப்ரிட்ஜில் அரை மணி வைத்துப் போட்டால் வெயிலில் சிவந்த முகத்துக்கு இதமாக இருக்கும். ஃப்ரீசர் வேண்டாம்.

வாங்கும்போது வாசனை அதிகம் உள்ளதைத் தவிருங்கள். துணிக்கு அடியில் இருபது நிமிடம் மூடிக் கிடப்பதால் நல்லது மட்டும் அல்ல, எரிச்சல் தருவதும் அதிகமாகவே உள்ளே போகும். சென்டெல்லா என்று போட்டிருந்தால் அது நம் வரப்போரத்து வல்லாரைதான். சிவப்பும் எரிச்சலும் உள்ள முகத்துக்கு நான் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். தினமும் போட்டால் மேல்தோல் நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி நொந்துபோகும். ஒரு மாஸ்க் நூறு ரூபாய் என்று வைத்தாலும் வாரம் இரண்டு என்றால் மாதம் எண்ணூறு. கையிருப்பு அவ்வளவு இடம் தரவில்லை என்றால் கவலை வேண்டாம். கழுவிய முகம் ஈரமாக இருக்கும்போதே கிளிசரின் உள்ள மாய்ஸ்சரைசரைத் தினம் இருவேளை பூசினால் ஷீட் மாஸ்க் தருவதில் பெரும்பங்கு வந்துவிடும்.

மூன்றாவது, ஓவர்நைட் மாஸ்க். ஸ்லீப்பிங் மாஸ்க் என்றும் சொல்வார்கள். இது கெட்டியான மாய்ஸ்சரைசர்தான். ஈரத்தைப் பிடிக்கும் கிளிசரினோடு, மேலே மூடி போட டைமெத்திகோன், பெட்ரோலேட்டம், வெண்ணெய் மாதிரியான கொழுப்புகள் என்று சேர்த்திருப்பார்கள். தோலிலிருந்து இரவு முழுக்க ஆவியாகும் தண்ணீரைத் தடுப்பதுதான் வேலை. காற்று வறண்ட ஊரில் இது அருமையான பொருள்.

ஆனால் நம் ஊர்க் காற்று அப்படி இல்லை. கடலோரத்தில், வயல் சூழ்ந்த ஊர்களில், ராத்திரி காற்றே ஈரமாக இருக்கும். சித்திரை வைகாசியில் கரண்ட் போனால் தலையணை நனையும். அந்த வியர்வை மேல் ஒரு கொழுப்பு மூடியும் போட்டால் வேர்க்குரு வரும், சிலருக்கு அக்கா மகளுக்கு வந்த மாதிரி நெற்றிப் பொரி வரும். அந்தப் பொரியைப் பரு என்று நினைத்துவிடுவார்கள். பரு என்றால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, சிலது வலிக்கும், கரும்புள்ளியும் கூட இருக்கும். இது எல்லாம் ஒரே அளவு, அரிப்பு, முடியோரத்தில் கூட்டமாக. தோலில் இயல்பாகவே வாழும் ஒரு பூஞ்சை, கொழுப்பும் ஈரமும் கிடைத்ததும் மயிர்க்கால்களில் பெருகுவதால் பெரும்பாலும் வருவது. பரு க்ரீம் எத்தனை பூசினாலும் இது போகாது. பூஞ்சைக்கான மருந்துதான் வேண்டும், அதைத் தோல் டாக்டர்தான் தர வேண்டும்.

அப்படியென்றால் டெல்டாவில் இது யாருக்கு? ராத்திரி ஏசி போட்டுத் தூங்குகிறவர்களுக்கு, நாற்பத்தைந்து ஐம்பது வயதைத் தாண்டி எண்ணெய் குறைந்த தோலுக்கு, மார்கழிப் பனியில் கோலம் போட எழுந்து முகம் வெள்ளை பூத்து நிற்பவர்களுக்கு. வறண்ட தோலுக்கு வாரம் இரண்டு மூன்று முறை, கன்னம் மட்டும் காய்கிறவர்களுக்கு வாரம் ஒருமுறை கன்னத்தில் மட்டும். ஒரு கன்னத்துக்கு ஒரு துவரம் பருப்பு அளவு. படுப்பதற்கு இருபது நிமிடம் முன்பே பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் அது தலையணை உறைக்குத்தான் போகும். காலையில் கட்டாயம் கழுவ வேண்டும். முகம் முழுக்க எண்ணெய் உள்ளவர்கள் கோடையில் இதை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

அக்கா மகளுக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் ஒரு மாஸ்க்கும் இல்லை. வெறும் தண்ணீர் பட்டாலே கன்னம் எரிகிறது என்றாள். மேல்தோல் சேதமாகியிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. காலை, இரவு மென்மையான ஃபேஸ் வாஷ், கேன் தண்ணீரில் கடைசி அலசல், மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். நெற்றிப் பொரிக்கு டாக்டரிடம் அனுப்பினேன். அவர் பார்த்ததுமே பூஞ்சை என்று சொல்லி மருந்து கொடுத்தார். "கல்யாணத்தை வச்சுக்கிட்டு ஒண்ணுமே பூசாம இருக்கச் சொல்றியே" என்று அக்காவுக்குத்தான் மனம் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள் தண்ணீர் எரியவில்லை. கன்னத்துச் செதில் உதிர்ந்திருந்தது. மூன்றாம் வாரம் புதன்கிழமை மட்டும் வல்லாரை சேர்ந்த, வாசனையில்லாத ஷீட் மாஸ்க், பதினைந்து நிமிடம். கடைமுகம் கழிந்து கார்த்திகை பிறந்ததும் களிமண்ணைத் திரும்பக் கொண்டுவந்தோம்: சனிக்கிழமை மாலை, நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் கயோலின், ஓரம் வெளுத்ததும் கழுவல். மறுநாள் ஞாயிறு இன்னொரு ஷீட் மாஸ்க். ஆக வாரத்துக்கு களிமண் ஒன்று, ஷீட் இரண்டு. ஓவர்நைட் டப்பாவை நெற்றிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி, மார்கழியில் வாரம் ஒரு ராத்திரி கன்னத்துக்கு மட்டும் தந்தேன். மார்கழிக் கடைசியில் டிஷ்யூ சோதனையைத் திரும்பச் செய்தோம். மூக்கில் எண்ணெய் இருந்தது, அது இருக்கும். கன்னம் இழுக்கவில்லை.

கல்யாண வாரத்துக்கென்று ஒரு கணக்கு உண்டு. கடைசி களிமண் ஏழு நாள் முன்பு. த்ரெட்டிங் மூன்று நாள் முன்பு, செய்த அன்று எந்த மாஸ்க்கும் இல்லை. ஏற்கெனவே போட்டுப் பழகிய அதே ஷீட் மாஸ்க் முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு ஒன்று. புது மாஸ்க் எதையும் அந்த மாதத்தில் தொடக் கூடாது. புதிதாக எதை வாங்கினாலும் முதலில் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு.

மாஸ்க்கால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். கன்னத்து மங்கு எந்த மாஸ்க்குக்கும் போகாது, அதற்கு வெயிலைத் தடுப்பதும் டாக்டர் மருந்தும்தான். பரு போன இடத்துக் கறுப்புக்கு நியாசினமைடு தினமும் பல வாரம் பூசினால் பலன் உண்டு, வாரம் ஒரு ஷீட்டில் அது வராது. உள்ளே கட்டியாக வலிக்கும் பருவின் மேல் களிமண் பூசுவது வீண். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிய வெள்ளையாக்கும் க்ரீமை மாதக்கணக்கில் பூசி, நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது என்பவர்களுக்கும் நான் மாஸ்க் போடுவதில்லை. அந்த க்ரீமில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். நேராக டாக்டரிடம்தான் அனுப்புகிறேன்.

கல்யாணம் முடிந்து அவள் ஓசூருக்குப் போனாள். மாசியில் ஒருநாள் போன் செய்தாள். "சித்தி, இங்க காத்தே வேற மாதிரி இருக்கு. நெத்தி கூட இழுக்குது." களிமண்ணைப் பதினைந்து நாளுக்கு ஒன்றாகக் குறை, ஓவர்நைட் மாஸ்க்கை வாரம் இரண்டாக்கு, அப்போதும் நெற்றியை விட்டுவிட்டுப் பூசு, நெற்றிக்கு வெறும் ஜெல் மாய்ஸ்சரைசர் போதும் என்றேன். பங்குனித் திருவிழாவுக்கு இங்கே வரும்போது அந்த டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.